தங்கம் பாதியானது, பங்கு பத்தில் ஒன்றானது

2011 செப்டம்பரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 1,900 டாலரைத் தொட்டது. அந்த நாளில் உலகிலேயே அதிகத் தங்கம் தோண்டி எடுத்த நிறுவனம் கனடாவின் பாரிக் கோல்டு. நியூயார்க் சந்தையில் அதன் பங்கு அந்த ஆண்டில் சுமார் 55 டாலர் வரை போனது. பிறகு தங்கம் இறங்கத் தொடங்கியது. நான்கு ஆண்டுகளில், 2015 டிசம்பரில், அவுன்ஸ் 1,050 டாலருக்கு வந்து நின்றது. 45 சதவீத வீழ்ச்சி. பாரிக் பங்கோ அதே 2015 செப்டம்பரில் 6 டாலருக்கு விழுந்திருந்தது. உச்சத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்குத் தங்கம் வாங்கியவருக்கு, டாலர் கணக்கில் பார்த்தால், 55 ஆயிரம் மிஞ்சியது. அதே ஒரு லட்சத்துக்குப் பாரிக் பங்கு வாங்கியவருக்கு மிஞ்சியது 11 ஆயிரம்தான்.

இத்தனைக்கும் பாரிக் ஏதோ பெயர் தெரியாத நிறுவனம் இல்லை. அதன் சுரங்கங்களில் தங்கம் தீர்ந்துபோகவும் இல்லை. ஆண்டுக்கு 60 லட்சம் அவுன்ஸுக்கு மேல் எடுத்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஏன் இப்படி? பங்குச்சந்தைக்குப் புதிதாக வருபவர்களில் பலர் தங்கச் சுரங்கப் பங்கு என்றால் பூமிக்கு அடியில் கிடக்கும் தங்கத்தில் ஒரு பங்கு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது தங்கத்தின் மீதான உரிமை இல்லை. தங்கத்தின் விலைக்கும் அதைத் தோண்டி எடுக்கும் செலவுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் மீதான உரிமை. அந்த இடைவெளி எவ்வளவு ஒடுங்கியது என்பதை நேரில் பார்த்தால்தான் பங்கு ஏன் இப்படி ஆடுகிறது என்பது புரியும்.

பாறையிலிருந்தே தொடங்குவோம். இன்று உலகில் இயங்கும் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்கள் பலவற்றில் ஒரு டன் தாதுப் பாறையில் ஒரு கிராம் அளவுக்குத்தான் தங்கம் இருக்கிறது. அதிலும் பத்தில் ஒரு பங்கு பிரித்தெடுக்க முடியாமல் கழிவோடு போய்விடும். ஒரு பவுன், அதாவது எட்டு கிராம் தங்கம் கைக்கு வர ஒன்பது டன் பாறையை மாவாக அரைக்க வேண்டும். அந்த ஒன்பது டன்னை அடைவதற்கு முன் அதன் மேலும் பக்கத்திலும் கிடக்கும் வெற்றுப் பாறையைப் பல டன் கணக்கில் வெட்டி அகற்றியாக வேண்டும். துளை போட்டு, வெடி வைத்து, ராட்சத லாரிகளில் ஏற்றி, நொறுக்கி, அரைத்து, சயனைடு கரைசலில் கரைத்து, அதிலிருந்து தங்கத்தைக் கரித்துகளில் ஒட்ட வைத்து எடுக்கிறார்கள். டீசல், மின்சாரம், வெடிமருந்து, ரசாயனம், சம்பளம் என்று ஒவ்வொரு படியிலும் செலவு. சந்தையில் தங்கம் இறங்கிவிட்டது என்பதற்காக இந்தச் செலவில் ஒரு காசுகூடத் தானாகக் குறையாது.

இப்போது ஒரு கற்பனைச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் அவுன்ஸ் எடுக்கிறது. ஒரு அவுன்ஸுக்கு எல்லாச் செலவும் சேர்த்து 1,000 டாலர். விற்பனை விலை 1,200. மிச்சம் 200 டாலர். ஆண்டு லாபம் 2 கோடி டாலர். தங்கம் பத்து சதவீதம் ஏறி 1,320 ஆகிறது. செலவு அப்படியே இருக்க, மிச்சம் 320. லாபம் 3.2 கோடி. தங்கம் பத்து சதவீதம் ஏறியதற்கு லாபம் அறுபது சதவீதம் ஏறிவிட்டது. திருப்பிப் பாருங்கள். பத்து சதவீதம் இறங்கி 1,080 ஆனால் மிச்சம் 80. அறுபது சதவீதம் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கி 1,000 ஆனால் லாபமே இல்லை. பங்கின் விலை இந்த மிச்சத்தைப் பின்தொடர்ந்து போகிறதே தவிர, தங்கத்தைப் பின்தொடர்வதில்லை.

எல்லாச் சுரங்கமும் இப்படி ஒரே வேகத்தில் ஆடாது. பக்கத்திலேயே இன்னொரு சுரங்கம், அதன் செலவு 700 டாலர் என்று வையுங்கள். அதே 1,200 விலையில் அதற்கு மிச்சம் 500. தங்கம் பத்து சதவீதம் ஏறினால் 620 ஆகும். 24 சதவீதம்தான் கூடுகிறது. இறங்கினாலும் அதே அளவுதான் குறையும். விலையை மிச்சத்தால் வகுத்தால் இந்த ஆட்டத்தின் அளவு கிடைத்துவிடும். முதல் சுரங்கத்துக்கு 1,200-ஐ 200-ஆல் வகுத்தால் ஆறு. இரண்டாவதுக்கு 2.4. தங்கம் ஒரு சதவீதம் அசைந்தால் லாபம் எத்தனை சதவீதம் அசையும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. தங்கம் ஏறும் காலத்தில் செலவு அதிகமுள்ள, தள்ளாடும் நிறுவனங்களின் பங்குகளே மற்றவற்றைவிட வேகமாக ஏறுவதற்கு இதுதான் காரணம். புதியவர்கள் அந்த வேகத்தைப் பார்த்து அவற்றையே நல்ல நிறுவனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அந்த வேகம் நிறுவனத்தின் பலவீனத்திலிருந்தே பிறக்கிறது.

செலவு விலையைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்கள் தொலைவில் தேட வேண்டாம். வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த கோலார் தங்கவயல், 2001-ல் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. அந்த ஆழத்தில் காற்றைக் குளிர்விக்க வேண்டும், ஆட்களையும் பாறையையும் ஏற்றி இறக்க வேண்டும். அப்போது உலக விலை அவுன்ஸுக்கு 270 டாலரை ஒட்டித்தான் இருந்தது. எடுக்கும் செலவு அதைவிடப் பல மடங்கு. அடியில் இன்னும் தங்கம் இருந்தும் அதை எடுப்பதில் பொருள் இல்லாமல் போனது.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று வருகிறது. ஒரு சுரங்க நிறுவனத்திடம் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்ற கணக்கே தங்கத்தின் விலையைப் பொறுத்துத்தான் போடப்படுகிறது. ஒரு டன் பாறையை அரைத்துப் பிரிக்க 25 டாலர் ஆகிறது என்று கொள்வோம். தங்கம் அவுன்ஸ் 1,500 டாலர் என்றால் கிராம் 48 டாலர். கழிவில் போவது போகக் கைக்கு வருவது 43. அப்படியானால் டன்னுக்கு 0.6 கிராம் உள்ள பாறையில் 26 டாலர் கிடைக்கும், அரைக்கலாம். அது தாது. விலை 1,100-க்கு வந்தால் கிராமுக்குக் கைக்கு வருவது 32 டாலர்தான். அதே 0.6 கிராம் பாறையில் 19 டாலர் கிடைக்கும், அரைத்தால் நஷ்டம். அது இனி தாது இல்லை, வெறும் கல். பாறை இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதிலுள்ள தங்கமும் குறையவில்லை. ஆனால் நிறுவனத்தின் இருப்புக் கணக்கிலிருந்து அது மறைந்துவிடுகிறது.

பாரிக்குக்கு நடந்தது இதுவே. 2012 முடிவில் அது தன் இருப்பை அவுன்ஸுக்கு 1,500 டாலர் என்று வைத்துக் கணக்கிட்டது. மொத்தம் 14 கோடி அவுன்ஸ் வந்தது. அடுத்த ஆண்டு எச்சரிக்கையாக 1,100 டாலரை வைத்துக் கணக்கிட்டபோது 10.4 கோடி அவுன்ஸாகிவிட்டது. தோண்டி எடுத்ததும், விற்ற சுரங்கங்களில் இருந்ததும் இந்தக் குறைவில் ஒரு பகுதி. பெரும்பகுதி விலை மாற்றத்தால் காணாமல் போனது. ஆக, தங்கம் இறங்கும்போது பங்குதாரருக்கு அடி இரண்டு பக்கமும் விழுகிறது. இந்த ஆண்டின் ஒவ்வொரு அவுன்ஸிலும் மிச்சம் குறைகிறது; வருங்காலத்தில் எடுக்கப்போகும் அவுன்ஸ்களின் எண்ணிக்கையும் குறைகிறது. ஏறும்போது இரண்டும் சேர்ந்து கூடுகின்றன.

ஆனாலும் இந்தக் கணக்கு மட்டும் 55 டாலரை 6 டாலராக ஆக்காது. பாரிக் செலவு குறைந்த நிறுவனங்களில் ஒன்று. 2015-ல் அது ஓர் அவுன்ஸ் எடுக்க ஆன மொத்தச் செலவு 831 டாலர். அந்த ஆண்டின் சராசரி விலையில் அவுன்ஸுக்கு 300 டாலருக்கு மேல் மிஞ்சியது. அதை அழுத்தியது கடன்.

தங்கம் உச்சத்தில் இருந்த 2011-ல், பாரிக் ஈக்வினாக்ஸ் என்ற செம்புச் சுரங்க நிறுவனத்தை 730 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. அதற்குக் கடன் எடுத்தது. அதே நேரத்தில் சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவே, ஆண்டிஸ் மலையின் உச்சியில், பாஸ்குவா-லாமா என்ற சுரங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. முதலில் சொன்ன மதிப்பீடு 300 கோடி டாலர் அளவில் இருந்தது. 2012-ல் அது 800 கோடியைத் தாண்டியது. மலையின் பனிப்பாறைகளையும் தண்ணீரையும் காக்க உள்ளூர்ப் பழங்குடி மக்கள் வழக்குப் போட்டார்கள். சிலியில் வேலை நிறுத்தப்பட்டது. 2013-ல் பாரிக் அந்தத் திட்டத்தையே கிடப்பில் போட்டது. பல நூறு கோடி டாலர் செலவழித்த பிறகும் அங்கிருந்து ஒரு கிராம் தங்கம்கூட வரவில்லை. 2020-ல் சிலியின் சுற்றுச்சூழல் நீதிமன்றம் தன் எல்லைக்குள் உள்ள பகுதியை நிரந்தரமாக மூட உத்தரவிட்டது.

2014 முடிவில் பாரிக்கின் கடன் 1,300 கோடி டாலர். கடன் என்ன செய்யும் என்பதை நம் பழைய சுரங்கத்திலேயே பார்க்கலாம். ஆண்டு லாபம் 2 கோடியில் ஒரு கோடி வட்டிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கம் பத்து சதவீதம் ஏறினால் 3.2 கோடியில் வட்டி போக 2.2 கோடி. பங்குதாரருக்கு மிஞ்சுவது இரண்டு மடங்குக்கும் மேல். பத்து சதவீதம் இறங்கினால் 80 லட்சம்தான் வரும், வட்டியோ ஒரு கோடி. நஷ்டம். அறுபது சதவீத ஆட்டத்தைக் கடன் நூற்றிருபது சதவீத ஆட்டமாக்கிவிட்டது. பாரிக் பங்கு 6 டாலருக்கு வந்தபோது நிறுவனத்தின் எல்லாப் பங்குகளையும் கூட்டினாலும் 700 கோடி டாலர்தான் தேறியது. கடன் அதைவிட அதிகம். தங்கம் இன்னும் கொஞ்சம் இறங்கினால் பங்குதாரருக்கு எதுவும் மிஞ்சாதோ என்று சந்தை பயந்தது.

கடனில் சிக்கிய நிறுவனம் நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. 2013-ல் பாரிக் புதிய பங்குகளை 18.35 டாலருக்கு விற்று 300 கோடி டாலர் திரட்டியது. பழைய பங்குதாரரின் பங்கு அந்த அளவுக்குச் சுருங்கியது. 2015-ல் சிலியின் சல்டிவார் செம்புச் சுரங்கத்தில் பாதியையும், பப்புவா நியூகினியின் போர்கெரா தங்கச் சுரங்கத்தில் தன் பங்கில் பாதியையும், ஆஸ்திரேலியாவின் கௌவல் சுரங்கத்தை முழுதாகவும் விற்றது. ஒன்று விலை உச்சத்தில் வாங்குவது, இன்னொன்று விலை பாதாளத்தில் விற்பது. இந்தத் தொழிலில் இது பாரிக் மட்டும் செய்ததில்லை. தங்கம் ஏறும்போது கையில் பணம் புரளும், வங்கிகள் கடன் தரத் தயாராக நிற்கும், அப்போதுதான் விரிவாக்க ஆசையும் வரும்.

கீழே போன பங்கு மேலே வந்த வேகத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆட்களை இழுப்பது அதுதான். 2016 ஜனவரியில் ஏழு டாலரை ஒட்டி இருந்த பாரிக் பங்கு அந்தக் கோடையில் 23 டாலரை எட்டியது. அந்த ஏழெட்டு மாதத்தில் தங்கம் ஏறியது முப்பது சதவீதத்துக்கும் குறைவு. பங்கு மூன்று மடங்கானது. அடியில் துணிந்து வாங்கியவருக்குப் பெரிய வெற்றி. ஆனால் 55 டாலருக்கு வாங்கியவரின் நிலையை யோசியுங்கள். 2020 ஆகஸ்டில் தங்கம் பழைய உச்சத்தைத் தாண்டி 2,000 டாலருக்கும் மேலே போனது. தங்கம் வைத்திருந்தவர் முழுதாக மீண்டுவிட்டார். பாரிக் அப்போது 30 டாலர் அளவில்தான் இருந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மடங்கில் ஆடும் என்ற கணக்கு, நடுவில் சுரங்கம் விற்கப்படும்போதும் பங்குகள் பெருகும்போதும் செலவு ஏறும்போதும் உடைந்துபோகிறது. தங்கம் பழைய விலைக்குத் திரும்பலாம். நிறுவனம் பழைய நிறுவனமாகத் திரும்புவதில்லை.

செலவு ஏறுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். நம் கற்பனைச் சுரங்கத்தில் செலவு அசையாமல் நிற்பதாக வைத்துக்கொண்டோம். நிஜத்தில் தங்கம் ஏறிய சில ஆண்டுகளில் செலவும் பின்னாலேயே ஏறி வருகிறது. ஒப்பந்தக்காரர்கள் கூடுதல் கேட்கிறார்கள், தொழிலாளர்கள் நியாயமாகவே சம்பள உயர்வு கேட்கிறார்கள், அரசுகள் ராயல்டியை உயர்த்துகின்றன. முன்பு வெறும் கல்லாக ஒதுக்கிய ஏழைப் பாறையும் இப்போது ஆலைக்கு வருவதால் ஓர் அவுன்ஸுக்கு அரைக்க வேண்டிய டன்கள் கூடுகின்றன. 2024 அக்டோபர் 24 அன்று இது கண்ணுக்கு முன்னால் நடந்தது. தங்கம் அதுவரை காணாத உயரத்தை ஒட்டி, 2,700 டாலருக்கு மேல் இருந்தது. உலகின் மிகப் பெரிய தங்கச் சுரங்க நிறுவனமான நியூமான்ட், காலாண்டு முடிவை வெளியிட்டிருந்தது. செலவு அவுன்ஸுக்கு 1,611 டாலராகியிருந்தது. சந்தை எதிர்பார்த்ததைவிட அதிகம். அந்த ஒரே நாளில் பங்கு சுமார் 15 சதவீதம் விழுந்தது. தங்கம் அன்று எந்தத் தவறும் செய்யவில்லை.

இப்படிப்பட்ட பங்கை வாங்க நினைப்பவர் தங்க விலை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையைத் திறந்து முதலில் ‘ஆல்-இன் சஸ்டெய்னிங் காஸ்ட்’ என்ற வரியைத் தேட வேண்டும். ஓர் அவுன்ஸ் எடுப்பதற்கும் சுரங்கத்தை அதே நிலையில் ஓட்டுவதற்கும் ஆகும் செலவை அது சொல்கிறது. 2013-ல் உலகத் தங்கக் கவுன்சில் இந்த முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் நிறுவனங்கள் தோண்டும் செலவை மட்டும் காட்டி, மற்றதை வேறு வரிகளில் வைத்திருந்தன. இந்த எண்ணிலும் கடனுக்கான வட்டியும், வருமான வரியும், புதிய சுரங்கம் கட்டும் செலவும் சேராது. பாஸ்குவா-லாமா போன்ற ஒரு குழி இந்த எண்ணில் தெரியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதனால் நிகரக் கடன் எவ்வளவு என்பதையும், இருப்புக் கணக்கு எந்த விலையை வைத்துப் போடப்பட்டது என்பதையும் பார்த்தாக வேண்டும். இருப்புக்கு வைத்த விலை இன்றைய சந்தை விலையை நெருங்கி இருந்தால் விலை இறங்கும்போது அந்த இருப்பு கரையும். ஐந்தாண்டுக்கு முன் மொத்தப் பங்குகள் எத்தனை, இன்று எத்தனை என்று ஒப்பிட்டால் நெருக்கடி வந்தபோது நிர்வாகம் யார் பையில் கைவைத்தது என்பது தெரியும்.

இந்தியாவில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தங்கம் பெரிதாக விழாது என்பது நம் வீடுகளில் ஊறிய நம்பிக்கை. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2011 செப்டம்பரில் டாலர் 46 ரூபாய். 2015 டிசம்பரில் 66 ரூபாய்க்கு மேல். நடுவில் தங்கத்தின் இறக்குமதி வரி 2013-ல் 10 சதவீதமாக உயர்ந்தது. டாலரில் 45 சதவீதம் விழுந்த தங்கம், ரூபாயில் பத்துப் பன்னிரண்டு சதவீத அளவுக்குத்தான் இறங்கியது. நகைக்கடையில் நின்றவருக்கு உலகச் சந்தையின் சரிவு பாதிகூடத் தெரியவில்லை. பாரிக் பங்குக்கு இறக்குமதி வரி கைகொடுக்காது; டாலர் ஏற்றத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அதன் வீழ்ச்சி 80 சதவீதத்துக்கு மேல். ரூபாய்த் தங்கத்தைப் பார்த்துப் பழகிய மனதோடு சுரங்கப் பங்குக்குள் போகிறவர் இரண்டு வேறு பொருள்களைக் குழப்பிக்கொள்கிறார்.

இந்தக் குழப்பம் மியூச்சுவல் ஃபண்டிலும் நடக்கிறது. பெயரில் தங்கம் என்ற சொல் இருக்கும் ஃபண்டுகளில் சில, தங்கக் கட்டியை வாங்கி வைக்கின்றன. சில, வெளிநாட்டுச் சுரங்க நிறுவனங்களின் பங்குகளை வாங்குகின்றன. மகளின் கல்யாணத்துக்கு என்று மாதாமாதம் பணம் கட்டுபவர், ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். 99.5 சதவீதத் தூய்மையுள்ள தங்கம் என்றோ, கோல்டு இடிஎஃப் என்றோ இருந்தால் அது தங்கம். நியூமான்ட், பாரிக், அக்னிகோ ஈகிள் என்று பெயர்கள் வரிசையாக இருந்தாலோ, அப்படிப்பட்ட பங்குகளை வாங்கும் வெளிநாட்டு ஃபண்ட் ஒன்றின் பெயர் இருந்தாலோ, அவர் சேர்ப்பது சுரங்கங்களின் மிச்சத்தை.